சைன், சிம்ப்டம், சிண்ட்ரோம், டிசீஸ்: தமிழில் எப்படிப் பிரித்துச் சொல்வது?

கேள்வி: "நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். சைன், சிம்ப்டம் ரெண்டுக்குமே தமிழில் 'அறிகுறி'ன்னுதான் போடுறாங்க. சிண்ட்ரோம், டிசீஸ் ரெண்டுக்கும் 'நோய்'. நோயாளிகளோட வீட்டாளுங்ககிட்ட தமிழில் பேசும்போதும் எழுதும்போதும் இந்த நாலையும் குழப்பாம எப்படிச் சொல்றது?"

வடசென்னையில், தண்டையார்பேட்டைப் பக்கம், ரொம்ப காலமாகக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். அகராதி போடும் ஆள் இல்லை. தினமும் தாய்மார்களிடம் தமிழில் பேசி, சீட்டில் ஆங்கிலத்தில் எழுதி, மறுபடி தமிழில் விளக்கிச் சொல்லும் பழக்கத்தில் இருந்துதான் சொல்கிறேன்.

முதல் இரண்டில் தொடங்கலாம். நோயாளிக்கு உள்ளே என்ன தெரிகிறதோ, அவர் வாயால் என்ன சொல்கிறாரோ, அது சிம்ப்டம். பார்த்து, தொட்டு, தட்டி, கேட்டு, அளந்து நாம் கண்டுபிடிப்பது சைன். இதற்குத் தனிப் பெயர்ச்சொல் தேடுவதற்கு முன்னால் நம் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள், வினையிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. "எனக்கு வலிக்குது", "எனக்கு மூச்சு வாங்குது", "தலை சுத்துது" என்று ஒருத்தர் சொல்லும்போது அங்கே ஒரு "எனக்கு" வெளிப்படையாகவோ மறைந்தோ இருக்கும். அதுவே நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுவதைத் தமிழில் சொன்னால் "கல்லீரல் இரண்டு விரல் அளவுக்குத் தட்டுப்படுகிறது", "நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது", "கண் வெளிறித் தெரிகிறது" என்று வரும், அங்கே "எனக்கு" நுழைய இடமே இல்லை. ஜுரமும் அப்படித்தான். "ஜுரமா இருக்கு" என்று வருபவர் சொல்வது உடம்பு காய்கிற, குளிர்கிற உணர்வு. தெர்மாமீட்டர் 102 காட்டினால் அது நீங்கள் கண்டது. இரண்டுக்கும் ஒரே சொல்தான், ஆனால் ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம், போகிறது.

அதனால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்கிற "இன்னா பண்ணுது?" என்ற கேள்விக்கு வருகிற பதில் எதுவோ அதெல்லாம் சிம்ப்டம். நோயாளியிடம் பேசும்போது அதைத் "தொந்தரவு" என்றே சொல்லுங்கள், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. எழுதும்போது நான் "உணர்குறி" என்கிறேன், சைனைக் "காண்குறி" என்கிறேன். இரண்டும் எல்லாரும் அறிந்த சொற்கள் இல்லை, ஆகவே முதல் தடவை எழுதும்போது ஒரு வரி விளக்கம் சேர்த்துவிட வேண்டும். "அறிகுறி" என்பதை இரண்டுக்கும் பொதுவாக விட்டுவிடலாம், அதில் தப்பே இல்லை, சித்த மருத்துவத்தில் "குறிகுணம்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதைப் போல. பிரித்துக் காட்டியே ஆகவேண்டிய இடத்தில் மட்டும் பிரித்தால் போதும்.

எங்கே பிரித்தே ஆகவேண்டும் என்பதற்கு நான் அடிக்கடி பார்க்கும் ஒரு கேஸைச் சொல்கிறேன். ஒரே குழந்தையின் கதை இல்லை, பல குழந்தைகளைச் சேர்த்து ஒன்றாக்கியது. காசிமேட்டில் இருந்து ஐந்து வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு அம்மா வருகிறார். "காலைல எழுந்தா மூஞ்சி உப்பிக்கினு கீது டாக்டர், கண்ணே தொறக்க முடில. சாயங்காலம் ஆனா மூஞ்சி வடிஞ்சு கால் வீங்கிடுது. ஒண்ணுக்குப் போனா நுரை நுரையா வருது, அதுவும் கொஞ்சமாத்தான் போறான்." இவ்வளவும் தொந்தரவுகள். பையனுக்கு வலி கிலி எதுவும் இல்லை, அவனைக் கேட்டால் ஒன்றும் இல்லை என்பான். வீக்கத்தைக் கண்ணால் பார்த்தவர் அம்மாதான், அப்படியென்றால் அது காண்குறி இல்லையா என்று என் வகுப்பில் யாராவது ஒருத்தர் கேட்காமல் இருந்ததில்லை. சின்னக் குழந்தைக்கு அம்மாதான் வாய். அவர் சொன்னது வரலாற்றில், அதாவது உணர்குறிப் பக்கத்தில்தான் போகும். அதே வீக்கத்தை நீங்கள் சோதித்து உறுதி செய்தால் காண்குறிப் பக்கத்திலும் ஒரு தடவை எழுதுவீர்கள்.

சோதிப்பது எப்படி? முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு மேல் கட்டைவிரலை வைத்துச் சில நொடி அழுத்திப் பிடித்து எடுங்கள். குழி விழுந்து, உடனே நிரம்பாமல் நின்றால் அது நீர் கோத்த வீக்கம். இந்தப் பையனுக்குக் குழி நன்றாக விழுகிறது. விதைப்பை வீங்கியிருக்கிறது, வெட்கப்பட்டுக்கொண்டு அம்மா அதைச் சொல்லவில்லை, துணியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். வயிற்றில் கொஞ்சம் நீர். ரத்த அழுத்தம் 96/60, அவன் வயசுக்குச் சரி. சரியாக இருப்பதும் ஒரு கண்டுபிடிப்புதான், அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அப்புறம் சிறுநீர். ஸ்ட்ரிப்பில் 4+. ஸ்ட்ரிப் இல்லாத காலத்தில் டெஸ்ட் ட்யூபில் முக்கால் பாகம் சிறுநீர் எடுத்து, மேல்பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். மேலே வெள்ளையாகக் கலங்கினால் இரண்டு மூன்று சொட்டு அசெட்டிக் ஆசிட் விடுவோம். கலங்கல் மறைந்தால் அது வெறும் பாஸ்பேட், மறையாமல் நின்றால் புரதம். இந்தப் பையனுக்கு மேல்பாதி கட்டிதட்டிப் போகும். ரத்தத்தில் அல்புமின் 1.8 கிராம், கொலஸ்ட்ரால் 380. இந்த முடிவுகளை எந்தப் பக்கம் எழுதுவது என்பதில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை, சிலர் சைனோடு சேர்ப்பார்கள். நான் "பரிசோதனை முடிவு" என்று தனியாகவே வைப்பேன், ஏனென்றால் காண்குறி என்பது கட்டிலருகே நம் கைக்கும் கண்ணுக்கும் எட்டியது, இது லேபுக்கு எட்டியது.

இப்போதுதான் சிண்ட்ரோம் வருகிறது. நீர் கோத்த வீக்கம், சிறுநீரில் அளவு மீறிய புரதம், ரத்தத்தில் 3 கிராமுக்குக் கீழே இறங்கிய அல்புமின், ஏறிய கொலஸ்ட்ரால். இவை தனித்தனியாக அல்ல, ஒரு கூட்டமாக வருகின்றன, ஒன்றில் இருந்து ஒன்று பிறந்தும் வருகின்றன: சிறுநீரகத்தின் சல்லடை ஓட்டையாகிப் புரதம் வெளியேற, ரத்தத்தில் புரதம் குறைய, நீர் திசுக்களில் தங்க, கல்லீரல் ஈடுகட்டப் போய்க் கொழுப்பு ஏற. உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதும் வீக்கத்தில் சேரும். இந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயர்தான் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். இப்படிக் கூட்டாக வரும் உணர்குறி, காண்குறி, பரிசோதனை முடிவுகளின் கட்டு என்பதால் "குறித்தொகுப்பு" என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. "நோய்த்தொகுப்பு" என்றும் எழுதுகிறார்கள், ஆனால் கேட்பவருக்குப் பல நோய்கள் ஒரே ஆளுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரு தடவை அப்படி எழுதிய சீட்டைப் படித்துவிட்டு ஒரு தாத்தா, "மொத்தம் எத்தினி நோவு சார் கீது?" என்று கேட்டார், நியாயமான கேள்வி. சிண்ட்ரோம் என்றே தமிழில் எழுதுவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, வெறும் "நோய்" என்று எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஏன் மேல் என்றால், இந்தக் கூட்டம் பல காரணத்தால் வரும். ஐந்து வயசுப் பையனிடம் வந்தால் அடியில் இருக்கும் நோய் பெரும்பாலும் மினிமல் சேஞ்ச் டிசீஸ். அதே வீக்கம், அதே நுரை, அதே குறைந்த அல்புமின் ஐம்பது வயசு ஆட்டோ டிரைவரிடம் வந்தால், அவருக்குப் பத்து பதினைந்து வருஷமாகச் சர்க்கரை இருந்தால், முதலில் சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டதா என்றுதான் பார்ப்போம். பையனுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் சில வாரத்தில் சிறுநீர் தெளிந்துவிடும். சர்க்கரையால் வந்த பாதிப்புக்கு ஸ்டீராய்டு உதவாது, கொடுத்தால் சர்க்கரைதான் எகிறும். தொகுப்பு ஒன்று, நோய் வேறு, மருந்து வேறு. பையனுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டை வாங்கிப் போய், "அதே வியாதிதானே" என்று மாமாவுக்கும் கொடுக்கலாமா என்று கேட்கும் வீடுகள் உண்டு. இரண்டு சீட்டிலும் தமிழில் "சிறுநீரக நோய்" என்றே எழுதியிருந்தால் அவர்கள் கேட்பதில் என்ன தப்பு?

ரத்த அழுத்தம் சரியாக இருப்பதை ஏன் குறித்தோம் என்றால், முகம் வீங்கி வரும் குழந்தைக்கு இன்னொரு தொகுப்பும் இருக்கலாம், நெஃப்ரைட்டிக் சிண்ட்ரோம். பெயரில் ஒரே எழுத்துதான் மாறுகிறது, ஆள் வேறு. அங்கே சிறுநீர் நுரைப்பதைவிட நிறம் மாறும், டீ டிகாஷன் மாதிரியோ கோலா மாதிரியோ வரும். ரத்த அழுத்தம் ஏறும். வீக்கம் பொதுவாக இவ்வளவு இருக்காது. கேட்டுப் பார்த்தால் தொண்டை வலி வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும், அல்லது சிரங்கு சீழ் பிடித்து ஆறி ஒரு மாதம் ஆகியிருக்கும். நெருக்கமான வீடுகளில் சிரங்கு ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தாவிக்கொண்டே இருப்பதால் நாங்கள் கை இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு எல்லாம் பார்க்காமல் விடுவதில்லை. அம்மா சொல்லும் தொந்தரவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே: "மூஞ்சி வீங்குது, ஒண்ணுக்குக் கொஞ்சமா போறான்." இரண்டையும் பிரித்துக் காட்டுவது காண்குறியும் பரிசோதனையும்தான். எல்லாவற்றையும் "அறிகுறிகள்" என்று ஒரே பட்டியலில் எழுதிப் போட்டால், எது அம்மா சொன்னது, எது நாம் பார்த்தது என்பது மறைந்துபோய், இந்த இடத்தில்தான் படிப்பவருக்கு வழி தவறும்.

சரி, அடியில் இருக்கும் நோய் மினிமல் சேஞ்ச்தான் என்று எப்படித் தெரியும் என்றால், பெரும்பாலான குழந்தைகளில் நாங்கள் அதை நிரூபிப்பதே இல்லை. சிறுநீரகத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வழக்கமான வயசு, சரியான ரத்த அழுத்தம், சிறுநீரில் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் இல்லை என்றால் அந்த ஊசி தேவையில்லை, நேராக ப்ரெட்னிசோலோன் தொடங்குவோம், ஆறு வாரம் தினமும், அப்புறம் அளவைக் குறைத்து ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மருந்துக்குக் கேட்காவிட்டால்தான், அல்லது ஒரு வயசுக்குக் கீழே வந்தால்தான், ஊசியைப் பற்றிப் பேசுவோம். ஆக இந்தப் பையனின் டிஸ்சார்ஜ் சீட்டில் இருப்பது குறித்தொகுப்பின் பெயர் மட்டுமே. நோயின் பெயர் ஒரு நியாயமான ஊகம். இதை வீட்டாரிடம் இப்படியே சொல்லலாம்: "இந்த வயசுல இந்தத் தொகுப்பு வந்தா பெரும்பாலும் சாதுவான காரணம்தான், மருந்துக்குக் கேக்குதான்னு பாத்தா தெரிஞ்சுடும்." வெறுமனே "கிட்னி நோய்" என்று சொன்னால் அடுத்த நொடி "கிட்னி போச்சா டாக்டர்?" என்று அழுகை, டயாலிசிஸ் பற்றிப் பேச்சு. மினிமல் சேஞ்சில் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்துவதே இல்லை.

இங்கேதான் உறுதியான இடம் முடிந்து மங்கலான இடம் தொடங்குகிறது. நோய் என்றால் காரணம் தெரிந்தது, தொகுப்பு என்றால் தெரியாதது என்று சுருக்கமாகப் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். பரீட்சைக்குப் போதும். ஆனால் மினிமல் சேஞ்ச் என்ற பெயரையே பாருங்கள். சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிறுநீரகம் கிட்டத்தட்ட நன்றாகவே தெரிகிறது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்தான் வடிகட்டிச் செல்களின் கால்கள் தட்டையாகிக் கிடப்பது தெரிகிறது. அங்கே என்ன மாறியிருக்கிறது என்பது தெரியும், எது அதை மாற்றியது என்பது பெரும்பாலோருக்கு முழுசாகத் தெளிவாகவில்லை. ஆனாலும் அது "நோய்" வரிசையில் இருக்கிறது. மறுபக்கம், டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் கூடுதலான ஒரு 21-ஆம் குரோமோசோம் என்று 1959-லேயே தெரிந்துவிட்டது, பெயரில் சிண்ட்ரோம் அப்படியே நிற்கிறது. ஆகவே நான் சொல்லிக்கொடுப்பது வேறு மாதிரி: உடம்பில் எந்த இடத்தில் என்ன கெட்டது என்று சுட்டிக்காட்ட முடிந்தால் நோய், எது எதெல்லாம் சேர்ந்து வருகிறது என்று மட்டும் சொல்ல முடிந்தால் குறித்தொகுப்பு. இதிலும் ஓரங்கள் கசியும், ஆனால் பெரும்பாலான இடத்தில் நிற்கும்.

தொகுப்பில் தொடங்கி நோய்க்குப் போய்ச் சேர்ந்த கதைக்கு எய்ட்ஸை விட நல்ல உதாரணம் இல்லை. 1981-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வழக்கமாக யாருக்கும் வராத நிமோனியா வந்ததாக அறிக்கை வந்தது. அடுத்த வருஷம் எய்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள், அதன் கடைசி எழுத்தே சிண்ட்ரோம்தான், ஏனென்றால் அப்போது கையில் இருந்தது குறிகளின் கட்டு மட்டும். 1983-ல் வைரஸ் அகப்பட்டது. 1986-ல் நம் சென்னையிலேயே, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் தொற்றுகள் தெரிய வந்தன. இன்று எச்.ஐ.வி. தொற்று வேறு, எய்ட்ஸ் வேறு. தொற்று வந்தும் பல வருஷம் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள் உண்டு, சரியாக மாத்திரை எடுத்தால் எய்ட்ஸ் கட்டத்துக்கே போகாமலும் இருப்பார்கள். தமிழில் இரண்டையும் "எய்ட்ஸ் நோய்" என்று எழுதினால் அந்த ஆளுக்கு நாம் செய்வது அநியாயம்.

இதற்கு நேர் எதிரான குழப்பம் மஞ்சள் காமாலை. கண் மஞ்சளாவது ஒரு காண்குறி, ரத்தத்தில் பிலிருபின் ஏறத்தாழ 3 மில்லிகிராம் எட்டும்போது தெரிய வருவது. ஆனால் நம் பேச்சில் அதுவே ஒரு முழு நோய், அதற்குக் கீழாநெல்லி ஒரு முழு வைத்தியம். அசுத்தத் தண்ணீரால் வந்த ஹெபடைட்டிஸ் ஏ என்றால் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பேர் கீழாநெல்லிக்குப் போகும். பித்தக்கல் அடைத்திருந்தாலோ எலிக்காய்ச்சலாக இருந்தாலோ அந்த நாட்களில்தான் ஆள் மோசமாகிறார். இங்கே "காமாலை வந்திருக்கு" என்பதற்குப் பதில் "கண் மஞ்சளா இருக்கு, எதனாலன்னு பாக்கணும்" என்று நர்ஸ் ஒருத்தர் சொன்னாலே, அடுத்த கேள்வி சரியான கேள்வியாக வரும்.

மறுபடி நம் பையனிடம் வருகிறேன், ஏனென்றால் நீங்கள் வார்டில் நிஜமாகப் பேச வேண்டியது டிஸ்சார்ஜ் அன்றுதான். இந்தத் தொகுப்பு திரும்பத் திரும்ப வரும். அம்மாவிடம் ஒரு நோட்டும் ஸ்ட்ரிப்பும் கொடுத்து, தினமும் காலையில் முதல் சிறுநீரைச் சோதித்து எழுதச் சொல்வோம். தொடர்ந்து மூன்று நாள் 3+ அல்லது அதற்கு மேல் வந்தால் திரும்பிவிட்டது என்று அர்த்தம், தொடர்ந்து மூன்று நாள் ஒன்றும் இல்லை அல்லது லேசாக மட்டும் என்றால் அடங்கிவிட்டது. முக்கியமான விஷயம், புரதம் முதலில் போகும், வீக்கம் சில நாள் கழித்துத்தான் வரும். "அறிகுறி தெரிந்தால் உடனே வரவும்" என்று சீட்டில் எழுதினால் அம்மா வீக்கத்துக்குக் காத்திருப்பார். அதற்குப் பதில் நான் எழுதிக் கொடுப்பது: "பையன் நன்றாக ஓடி விளையாடினாலும், முகம் வீங்காவிட்டாலும், நோட்டில் தொடர்ந்து மூன்று நாள் 3+ வந்தால் வாருங்கள்." உணர்குறி, காண்குறி என்ற சொல் எதுவும் இதில் இல்லை, பிரிவு இருக்கிறது.

இதே வீட்டில் இன்னொன்றும் நடக்கும். மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் பையனுக்கு மறுபடி முகம் உருண்டு வரும், பக்கத்து வீட்டம்மா "திரும்ப வீங்கிடுச்சு, அந்த மாத்திரதான் ஒத்துக்கல" என்பார். தொந்தரவு அதேதான், "மூஞ்சி உப்பிக்கினு கீது." ஆனால் இப்போது கன்னம் உருண்டிருக்கும், பசி அதிகமாகியிருக்கும், முழங்காலுக்குக் கீழே அழுத்தினால் குழி விழாது, நோட்டில் புரதம் இல்லை. இது ஸ்டீராய்டால் வரும் உருண்டை முகம், மருந்து குறைந்தால் வடிந்துவிடும். குழி விழுந்தால், நோட்டிலும் 3+ ஏறியிருந்தால், தொகுப்பு திரும்பிவிட்டது. டிஸ்சார்ஜ் அன்றே அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துப் பையன் காலில் அழுத்திக் காட்டிவிடுங்கள், முகம் உருண்டால் காலை அழுத்தியும் சிறுநீரைச் சோதித்தும் பார்க்கச் சொல்லுங்கள், எதுவானாலும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள், திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது.